‘அடுத்த திங்கள்’ எந்தத் திங்கள்? நினைவூட்டும் புரோகிராம்கள் செய்யும் குழப்பம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் முதல் வாரத்திலேயே பயன்படுத்தத் தொடங்கும் வசதி, நினைவூட்டல். கரண்ட் பில் கட்டும் நாள், கேஸ் பதிவு செய்ய வேண்டிய நாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் என எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்துவிட்டால் நாம் மறந்தாலும் அது மறக்காது என்ற நம்பிக்கை. இப்போது வரும் புரோகிராம்களில் காலண்டரைத் திறந்து தேதியைத் தேட வேண்டியதுகூட இல்லை. `tomorrow evening`, `next monday` என்று பேசுவதுபோல டைப் செய்தால் போதும். புரோகிராமே தேதியையும் நேரத்தையும் கண்டுபிடித்துக்கொள்ளும்.

அது எந்தத் தேதியைக் கண்டுபிடிக்கிறது என்பதில்தான் சிக்கல். நான் அதைக் கற்றுக்கொண்டது 2025 ஜூன் மாதம்.

அருப்புக்கோட்டையில் இருக்கும் எனக்கு, திருச்சுழி பக்கத்துக் கிராமத்தில் இருந்து சித்தி போன் செய்தார். அன்று வியாழக்கிழமை, ஜூன் 5. சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. “ஏய்யா, அடுத்த திங்கக்கிழமை மதுரைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீ கூட வந்திரு” என்றார். “சரி சித்தி” என்று சொல்லிவிட்டு, மறந்துவிடக் கூடாதே என்று உடனே கம்ப்யூட்டரில் `take chithappa to madurai next monday` என்று டைப் செய்து என்டர் தட்டினேன். வரியின் கீழே சிறிய எழுத்தில் ஏதோ தேதி வந்தது. அதைப் படிக்கவில்லை.

ஜூன் 9, திங்கட்கிழமை காலை 8 மணிக்குப் போன். “என்னய்யா, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம். நீ எங்க இருக்க?” நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், நினைவூட்டல் ஜூன் 16ஆம் தேதியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. லீவு சொல்லி, அவசரமாக ஓடி, காரியாபட்டி வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து மதுரை போய்ச் சேர்வதற்குள் காலை நேர டோக்கன் முடிந்துவிட்டது. மதியத்துக்கு மேல்தான் பார்க்க முடிந்தது. சித்தி என்னை நம்பி வீட்டிலேயே காத்திருந்தால் ஒரு வாரம் போயிருக்கும். சொட்டு மருந்தோ அன்று வரைக்கும்தான் வீட்டில் இருந்தது. அன்று கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு எத்தனை வேளை விடுவது என்று சொல்வதாக இருந்தார்கள்.

புரோகிராமில் எந்தக் கோளாறும் இல்லை. அது தனக்குச் சொல்லிக் கொடுத்தபடிதான் நடந்துகொண்டது. சித்தி சொன்னதும் தவறில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த `next` என்ற ஒரு சொல்தான் காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

புரோகிராம் என்ன செய்கிறது?

நாம் டைப் செய்யும் வரியில் சில குறிப்பிட்ட சொற்கள் இருக்கின்றனவா என்று மட்டும் இந்தப் புரோகிராம்கள் தேடுகின்றன. கிழமைப் பெயர்கள், மாதப் பெயர்கள், `today`, `tomorrow`, `next`, `every`, `morning`, `evening` போன்றவை ஒரு பட்டியலாக அதனிடம் இருக்கும். பட்டியலில் உள்ள சொல் கிடைத்ததும், அதற்கென்று எழுதி வைத்த கணக்கைப் போட்டு ஒரு தேதியைக் கொண்டுவரும். சித்தப்பா யார், மதுரைக்கு எதற்காகப் போகிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரிந்த மனிதராக இருந்தால், “கண் ஆபரேஷன் ஆனவரை 11 நாள் கழித்தா வரச் சொல்வார்கள்?” என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

இந்தக் கணக்கு எல்லாப் புரோகிராம்களிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. எழுதியவர் எப்படி நினைத்தாரோ, அப்படி இருக்கும். ஒரு புரோகிராமில் சரியாக வந்த வாசகம், செல்போனில் உள்ள இன்னொரு புரோகிராமில் வேறு தேதியைக் கொடுப்பது இதனால்தான்.

‘நெக்ஸ்ட் மண்டே’ கணக்கு

`next monday` என்பதை இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம். முதல் விதம், இன்றைக்குப் பிறகு முதலில் வரும் திங்கள். இரண்டாவது விதம், இந்த வாரத்தை விட்டுவிட்டு அதற்கு அடுத்த வாரத்தில் தேடுவது, அல்லது வருகிற திங்களை ‘இந்தத் திங்கள்’ என்று வைத்து அதற்கு அடுத்ததை எடுப்பது. ஆங்கிலம் பேசுபவர்களிடையிலேயே இதில் ஒற்றுமை கிடையாது. இரண்டு பொருளிலும் அவர்கள் பேசுகிறார்கள். எனவே புரோகிராம் எழுதுபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

2025 ஜூன் 5, வியாழக்கிழமையை வைத்தே பார்ப்போம். முதல் விதத்தில் ஜூன் 9 வரும். வருகிற திங்களைத் தாண்டி எடுக்கும் விதத்தில் ஜூன் 16 வரும். என் புரோகிராம் இந்த இரண்டாவது வகை. சித்தி பேசியது முதல் விதம். நம் பக்கத்துப் பேச்சில் ‘அடுத்த திங்கக்கிழமை’ என்றால் பலரும் இனி வரப்போகும் திங்களைத்தான் சொல்வார்கள். அதற்கும் அடுத்தது என்றால் ‘வர்ற திங்கள் இல்லை, அதுக்கு அடுத்த திங்கள்’ என்று பிரித்துச் சொல்வார்கள். ஆனால் இதிலும் எல்லோரும் ஒன்றுபோல இல்லை. வார நடுவில் பேசும்போது, ‘வர்ற திங்கள்’ ஒன்று, ‘அடுத்த திங்கள்’ வேறொன்று என்று வைத்துப் பேசுபவர்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை டைப் செய்தால் குழப்பம் இன்னும் கூடும். ஜூன் 8, ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரக் கணக்கில் போகும் புரோகிராம், வாரம் ஞாயிறில் தொடங்குவதாக எடுத்துக்கொண்டால், மறுநாள் திங்கள் ‘இந்த வார’த்தில் விழுந்துவிடும். அப்போது அடுத்த வாரத் திங்கள் ஜூன் 16. வாரம் திங்களில் தொடங்குவதாக எடுத்துக்கொண்டால், ஞாயிறு கடைசி நாளாகிவிடும். அடுத்த வாரத் திங்கள் ஜூன் 9, அதாவது மறுநாளே. பெரும்பாலான காலண்டர் புரோகிராம்களில் வாரம் எந்தக் கிழமையில் தொடங்க வேண்டும் என்பதற்கு செட்டிங்ஸில் ஓர் இடம் உண்டு. கட்டங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கான அலங்காரம்தான் அது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். சில புரோகிராம்களில் அது தேதிக் கணக்கையும் மாற்றிவிடும்.

லினக்ஸ் போட்டிருப்பவர்கள் இதை நேரடியாகச் சோதித்துப் பார்க்கலாம். டெர்மினலைத் திறந்து இந்த இரண்டு கட்டளைகளையும் கொடுத்துப் பாருங்கள்.

```
date -d "monday"
date -d "next monday"
```

செவ்வாய் முதல் ஞாயிறு வரை எந்த நாளில் கொடுத்தாலும் இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும். அது முதலில் வரும் திங்கள். திங்கட்கிழமை அன்று கொடுத்தால் மட்டும் விடை மாறும். முதல் கட்டளை அன்றைய தேதியையே காட்டும். இரண்டாவது 7 நாள் தள்ளிக் காட்டும். வியாழனன்று சோதித்து, ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று முடிவு கட்டியவர் திங்களன்று ஏமாறுவார். ஒரு நாள் சரியாக வந்ததால் எல்லா நாளும் சரியாக வரும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தமிழில் எழுதி வைப்பவர்களுக்கு இன்னும் ஒரு குறிப்பு. ‘திங்கள்’ என்ற சொல்லுக்கு மாதம் என்ற பொருளும் உண்டு. ‘அடுத்த திங்கள் 10ஆம் தேதி’ என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தால் அது அடுத்த மாதம் 10ஆம் தேதி. கிழமையைக் குறிக்கும்போது ‘திங்கட்கிழமை’ என்று முழுதாக எழுதிவிடுங்கள். படிக்கும் மனிதருக்கும் அது உதவும்.

‘நாளை மாலை’ எத்தனை மணி?

`tomorrow evening` என்பதில் இரண்டு சொற்கள். இரண்டிலும் பள்ளம் இருக்கிறது. முதலில் `evening` என்பதைப் பார்ப்போம்.

நமக்கு மாலை எப்போது? பள்ளிக்கூடம் விட்டு, வெயில் தணிந்து, பொழுது சாய்கிற வரைக்கும் மாலை. இருட்டி விளக்குப் போட்ட பிறகு அதை மாலை என்று சொல்லத் தயங்குவோம். ஆங்கில ‘ஈவினிங்’ அப்படி இல்லை. அது இருட்டிய பிறகும் நீளும்.

இந்த வேறுபாடு கம்ப்யூட்டர் உலகத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் அமைப்பு, ஒவ்வொரு மொழியிலும் கிழமை, மாதம், பொழுது ஆகியவற்றை எப்படிச் சொல்வார்கள் என்ற விவரத் தொகுப்பையும் வெளியிடுகிறது. `CLDR` என்பது அதன் பெயர். பல ஆப்பரேட்டிங் சிஸ்டங்களும் பிரவுசர்களும் இதைப் பயன்படுத்துகின்றன. அதில் தமிழில் ‘மாலை’ என்பது பிற்பகல் 4 மணியில் இருந்து 6 மணி வரை. 6 மணியில் இருந்து 9 மணி வரை ‘அந்தி மாலை’ என்று தனியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஈவினிங்’ என்பது 6 மணியில் இருந்து 9 மணி வரை. அதாவது நம் மாலை முடிகிற நேரத்தில்தான் அவர்களின் ஈவினிங் தொடங்குகிறது!

நினைவூட்டும் புரோகிராமுக்கு இரண்டு மணி நேர அகலம் உதவாது. மணி அடிக்க அதற்கு ஒரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளியையும் புரோகிராம் எழுதுபவரே முடிவு செய்கிறார். பேச்சு வழக்கில் உள்ள தேதிகளைப் பிரித்தெடுக்க, புரோகிராமர்கள் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட தொகுப்புகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வது வழக்கம். பைத்தான் மொழியில் உள்ள `parsedatetime` என்ற தொகுப்பில் `evening` என்றால் மாலை 6 மணி. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் உள்ள `chrono` என்ற தொகுப்பின் 2ஆம் பதிப்பில் அதே சொல்லுக்கு இரவு 8 மணி. ஒரே சொல்லுக்கு இரண்டு மணி நேர வித்தியாசம்.

சாயங்காலம் 5 மணிக்குக் கடை அடைக்கும் உரக் கடைக்குப் போக வேண்டும் என்று `tomorrow evening` என்று எழுதி வைத்தால், மணி அடிக்கும்போது கடையில் பூட்டுத்தான் தொங்கும். காலையிலும் இதே கதை. மேலே சொன்ன இரண்டு தொகுப்புகளிலும் `morning` என்றால் காலை 6 மணி. 5 மணிக்கே தோட்டத்துக்குப் போகிறவருக்கு அது தாமதம். இரவு ஷிப்டு முடிந்து வந்து தூங்குகிற மில் தொழிலாளிக்கு அது தொந்தரவு.

‘நாளை’ எப்போது தொடங்குகிறது?

கம்ப்யூட்டருக்கு நாள் மாறுவது நள்ளிரவு 12 மணிக்கு. நமக்கு நாள் மாறுவது பொழுது விடிந்த பிறகு. இரவு 12.30க்குப் படுக்கப் போகும் முன், ‘நாளைக்குக் காலையில் பத்திரத்தை எடுத்து வைக்கணும்’ என்று நினைத்து `tomorrow morning` என்று டைப் செய்தால், விடியப் போகிற காலையைத்தான் நாம் சொல்கிறோம். கம்ப்யூட்டரோ அந்த நாள் அரை மணி நேரத்துக்கு முன்பே பிறந்துவிட்டது என்று எண்ணி, அதற்கு அடுத்த நாள் காலையை எடுத்துக்கொள்ளும். முழுதாக ஒரு நாள் தள்ளிப்போகும். இரவு 11.55க்கு டைப் செய்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

‘திங்கட்கிழமை ராத்திரி 12 மணி’ என்பதும் இதே வகைதான். நாம் சொல்வது திங்கள் பகல் முடிந்து வருகிற நள்ளிரவு. கம்ப்யூட்டரில் `Monday 12 AM` என்றால் திங்கட்கிழமையின் முதல் நிமிடம், அதாவது நம் பேச்சில் ஞாயிறு ராத்திரி. நள்ளிரவு பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ நினைவூட்டல் வைக்கும்போது 12 மணி என்று வைக்காமல், இரவு 11 மணிக்கு என்று வைத்துவிட்டால் எந்த நாள் என்ற சந்தேகமே வராது.

புதுக் கம்ப்யூட்டரில் மட்டும் வரும் ஒரு தொல்லை

விண்டோஸ் போட்டு வரும் புதிய கம்ப்யூட்டர்களில் சில, அமெரிக்க மேற்குக் கரை நேரத்தை வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடும். டாஸ்க் பாரில் கடிகாரம் தவறாகத் தெரிவதைப் பார்த்து, நாம் மணியை மட்டும் கையால் திருத்திவிட்டு நேர மண்டலத்தை அப்படியே விட்டுவிடுவோம். கடிகாரம் இப்போது சரியாகத் தெரிவதால் சந்தேகமே வராது.

ஆனால் இன்டர்நெட்டில் இயங்கும் காலண்டர், கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நீங்கள் மாலை 6 மணி என்று போடுகிறீர்கள். அது அமெரிக்க மேற்குக் கரையின் மாலை 6 மணி என்று பதிவாகும். ஜூன் மாதத்தில் அந்த நேரம் நம் நேரத்தைவிட 12.30 மணி நேரம் பின்தங்கியது. எனவே உங்கள் செல்போனில் அந்த நினைவூட்டல் மறுநாள் காலை 6.30க்கு வரும். டிசம்பரில் என்றால் 7.30க்கு. நினைவூட்டல்கள் தொடர்ந்து பன்னிரண்டரை அல்லது பதிமூன்றரை மணி நேரம் தள்ளி வருகின்றன என்றால், வேறு எதையும் தேட வேண்டாம். காரணம் இதுதான்.

சரிசெய்வது எளிது. விண்டோஸ் 11இல் `Settings` திறந்து, `Time & language` பிரிவில் `Date & time` கிளிக் செய்திடுங்கள். `Time zone` என்ற இடத்தில் `(UTC+05:30) Chennai, Kolkata, Mumbai, New Delhi` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே பக்கத்தில் `Set time automatically` என்பதை ஆன் செய்து வையுங்கள். சரியாக அமைந்ததா என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்ட்டில் இதை டைப் செய்யலாம்.

```
tzutil /g
```

`India Standard Time` என்று விடை வந்தால் சரி. அத்துடன், நீங்கள் பயன்படுத்தும் காலண்டரின் செட்டிங்ஸ் பக்கத்திலும் நேர மண்டலத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் திருத்தினாலும், காலண்டர் முதலில் எடுத்துக்கொண்டதையே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

நாலு நாளைக்கு ஒருமுறையா, நாலு நாள் விட்டா?

எங்கள் ஊர் வறண்ட பூமி. குடிதண்ணீர் தினமும் குழாயில் வருவதில்லை. வருகிற நாளில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அடுத்த முறை வரைக்கும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆகவே என் வீட்டில் அதிகம் பயன்படும் நினைவூட்டல், தண்ணீர் வரும் நாள்தான்.

பக்கத்து வீட்டு அக்கா, “நாலு நாள் விட்டுத் தண்ணி வருது தம்பி” என்றார். நான் `every 4 days` என்று போட்டேன். ஜூன் 1ஆம் தேதி தண்ணீர் வந்தது. புரோகிராம் ஜூன் 5, 9, 13 என்று காட்டியது. அக்கா சொன்ன கணக்கு அதுவல்ல. ‘நாலு நாள் விட்டு’ என்றால் 2, 3, 4, 5 ஆகிய நாலு நாட்களையும் விட்டுவிட்டு 6ஆம் தேதி. அதற்கடுத்து 11, பிறகு 16. முதல் முறை ஒரு நாள்தான் தவறு. மூன்றாவது முறைக்குள் மூன்று நாள் தவறாகிவிட்டது. நான் போட வேண்டியது `every 5 days`. ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்றால் `every 2 days` என்பதும் இதே கணக்குதான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒருமுறை தண்ணீர் ஒரு நாள் தாமதமாக வந்தால், அதற்கடுத்த முறையும் அந்த நாளில் இருந்துதான் எண்ண வேண்டும். புரோகிராம் பழைய தேதியில் இருந்தே எண்ணிக்கொண்டு போகும். டுடூயிஸ்ட் என்ற புரோகிராமில் இதற்கு வழி இருக்கிறது. `every 5 days` என்று போட்டால், முதலில் குறித்த தேதியில் இருந்து எண்ணும். `every! 5 days` என்று ஆச்சரியக்குறி சேர்த்துப் போட்டால், நீங்கள் வேலை முடிந்ததாக டிக் செய்த நாளில் இருந்து எண்ணும். தண்ணீருக்கு இரண்டாவதுதான் பொருத்தம். கரண்ட் பில் கட்டுவது போன்ற மாறாத நாட்களுக்கு முதலாவது.

சொல்லாத தேதியும் வந்து ஒட்டிக்கொள்ளும்

இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கையும் உண்டு. மிளகாய் அறுவடை நேரத்தில் `sun dry chilli` என்று ஒரு வேலையை எழுதி வைத்தீர்கள் என்றால், புரோகிராம் அதில் உள்ள `sun` என்பதைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்று தேதி போட்டுவிடலாம். `sat`, `may` போன்ற சொற்களிலும் இது நடக்கும். தேதியாக எடுத்துக்கொண்ட சொல்லைப் பல புரோகிராம்கள் வண்ணம் தீட்டிக் காட்டும். டுடூயிஸ்டில் அந்த வண்ணச் சொல்லின் மீது கிளிக் செய்தால், அது தேதி என்ற எண்ணத்தை விட்டுவிட்டுச் சாதாரணச் சொல்லாக வைத்துக்கொள்ளும்.

ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம்?

முதலாவது, என்டர் தட்டிய பிறகு ஒரு நொடி நின்று, புரோகிராம் திருப்பிக் காட்டும் தேதியைப் படியுங்கள். தேதியுடன் கிழமையையும் சேர்த்துப் பாருங்கள். பழைய அவுட்லுக் புரோகிராமில் தேதிக் கட்டத்துக்குள் `next monday` என்று டைப் செய்துவிட்டு டேப் கீயைத் தட்டினால், அந்தச் சொற்கள் மறைந்து உண்மையான தேதி அங்கே வந்து நிற்கும். சேமிக்கும் முன்பே பார்த்துவிடலாம். மற்றவற்றில் தேதி வரியின் கீழோ, ஓரத்திலோ சிறிதாக இருக்கும். எங்கே இருந்தாலும் தேடிப் படியுங்கள். நான் அன்று அந்தச் சிறிய எழுத்தைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இரண்டாவது, தவற விடக் கூடாத வேலைக்குப் பேச்சு வாசகத்தைப் பயன்படுத்தாதீர்கள். தேதியையும் மணியையும் நேராக எழுதுங்கள். மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதுங்கள். `9/6` என்று எழுதினால் அமெரிக்க முறையில் அமைந்த புரோகிராம் அதைச் செப்டம்பர் 6 என்று படிக்கும். `9 June 6am` என்று எழுதினால் இரண்டு பொருள் வராது. `next` என்ற சொல்லை அறவே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, புதிய புரோகிராம் ஒன்றைப் போட்டதும் ஐந்து நிமிடம் செலவழித்துச் சோதித்துப் பாருங்கள். `test monday`, `test next monday`, `test tomorrow evening`, `test tomorrow morning` என்று நாலு வேலைகளை டைப் செய்து, எந்தத் தேதியும் மணியும் வருகின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு அழித்துவிடுங்கள். இதே சோதனையை ஒரு ஞாயிறன்றும் ஒரு திங்களன்றும் மீண்டும் செய்யுங்கள். செல்போனில் வேறு புரோகிராம் வைத்திருந்தால் அதிலும் தனியாகச் செய்ய வேண்டும். மாலை எத்தனை மணி என்பதை மாற்றிக்கொள்ள செட்டிங்ஸில் இடம் இருந்தால், உங்கள் வீட்டு வழக்கப்படி 4.30 அல்லது 5 என்று மாற்றிவிடுங்கள்.

நான்காவது, அடுத்தவர் சொன்ன நாளைக் குறிக்கும்போது, கம்ப்யூட்டரிடம் போகும் முன் சொன்னவரிடமே தேதியைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும், நாம் தவறான திங்களைக் கொடுத்தால் அது தவறான திங்களில்தான் மணி அடிக்கும்.

இப்போதெல்லாம் சித்தி போன் செய்து நாள் சொன்னால், “எத்தனாம் தேதி சித்தி?” என்று கேட்கிறேன். “இருய்யா, காலண்டரப் பார்த்துச் சொல்றேன்” என்று சுவரில் தொங்கும் தினசரித் தாளைப் புரட்டுகிற சத்தம் போனில் கேட்கிறது. அவர் சொல்லும் எண்ணைத்தான் டைப் செய்கிறேன்.